பச்சைக் களிம்பு மட்டும் பழமைக்குச் சான்றாகுமா?

பழம்பொருள் கடைகளில் “சோழர் காலத்துச் சிலை” என்ற பெயரில் விற்கப்படும் உலோகச் சிலைகளில் பல, அண்மைக் காலத்தில் வார்க்கப்பட்டவை. சிலை செய்வதில் தவறில்லை. சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் மரபு முறையில் சிலைகளை வார்த்து, புதியவை என்று சொல்லியே விற்கிறார்கள். புதிய சிலையின் மேல் செயற்கையாகக் களிம்பு ஏற்றி, “நிலத்தில் கிடைத்தது” என்ற கதையையும் சேர்த்து விற்கும்போதுதான் அது மோசடியாகிறது. அப்படிப்பட்ட சிலையை அடையாளம் காண மூன்று தடயங்கள் உதவுகின்றன. அவை மேற்பரப்பில் படிந்த களிம்பு, வார்ப்பின் இணைப்புக் கோடு, கருவிகள் விட்டுச் சென்ற தழும்பு ஆகியவை. வேதியியல், வரலாறு, ஓவியம் என எந்தப் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இவற்றில் பயன் உண்டு.

களிம்பின் நிறமும் அடுக்கும்

செம்பும் வெண்கலமும் ஈரமான மண்ணில் நெடுங்காலம் புதைந்திருக்கும்போது, உலோகத்தின் மேற்பகுதியே மெல்ல வேறு சேர்மங்களாக மாறுகிறது. உலோகத்தை ஒட்டி முதலில் செந்நிறமான காப்பர் (I) ஆக்சைடு (Cu₂O) உண்டாகிறது. அதற்கு மேலேதான் நாம் களிம்பு என்று சொல்லும் பச்சை நிறக் காரக் காப்பர் கார்பனேட் வளர்கிறது. இந்தப் படலம் உலோகத்திலிருந்தே விளைந்தது. வெளியிலிருந்து வந்து ஒட்டியது அன்று. அதனால்தான் அது கெட்டியாகப் பற்றியிருக்கும். ஓரிடத்தில் கருமையாகவும், ஓரிடத்தில் பச்சையாகவும், பச்சை உதிர்ந்த இடத்தில் செந்நிறமாகவும் தெரியும்.

போலிக் களிம்புக்கு இந்தப் பொறுமை கிடையாது. அமிலம், நவச்சாரம், உப்பு போன்றவற்றைப் பூசி ஈரத்தில் வைத்தால் சில நாட்களிலேயே பச்சை வந்துவிடும். சிலர் பச்சைத் தூளைப் பசையில் குழைத்துப் பூசிவிடுவதும் உண்டு. இரண்டிலும் பச்சைக்கும் உலோகத்துக்கும் இடையே அந்தச் செந்நிற அடுக்கு பெரும்பாலும் இருப்பதில்லை. பச்சையைச் சற்று விலக்கினால் நேரே பளபளப்பான புது உலோகம் தெரியும். திரவம் வழிந்த தாரைகளும் சில சிலைகளில் காணப்படும். பசையால் ஒட்டியிருந்தால், அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைக்கும்போது பஞ்சு பச்சையாகும். உண்மையான களிம்பு அசிட்டோனில் கரையாது. ஆனால் அமிலத்தால் வரவழைத்த களிம்பும் அசிட்டோனில் கரையாது என்பதால், பஞ்சு நிறம் மாறவில்லை என்பதை மட்டும் வைத்துச் சிலை பழையது என்று முடிவு செய்யக் கூடாது.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். கோயிலில் இடைவிடாமல் வழிபாட்டில் இருந்துவரும் உற்சவத் திருமேனியில் பச்சைக் களிம்பு படர்ந்திருக்காது. திருமஞ்சனமும், புளியும் விபூதியும் இட்டுத் துலக்குவதும் அதைச் சேரவிடுவதில்லை. அந்தச் சிலையின் பழமை தேய்மானத்தில்தான் தெரியும். நூற்றாண்டுகளாகக் கை பட்ட மூக்கு, கன்னம், முழங்கால், கால்விரல்கள் மழுங்கியிருக்கும். கை எட்டாத மடிப்புகளில் வேலைப்பாடு கூர்மை குறையாமல் நிற்கும். எனவே “தலைமுறை தலைமுறையாகப் பூசையில் இருந்த சிலை” என்று சொல்லிப் பச்சை படர்ந்த சிலையைக் காட்டினால், கதையும் களிம்பும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

இணைப்புக் கோடு சொல்வது

நம் பழைய செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் உருவானவை. தேன்மெழுகுடன் குங்கிலியத்தையும் எண்ணெயையும் சேர்த்து, முழு உருவத்தையும் முதலில் மெழுகில் செய்வார்கள். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகவும், பிறகு மணல் கலந்த மண்ணைத் தடித்த பூச்சாகவும் ஏற்றிக் காயவைப்பார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். குளிர்ந்த பின் மண்ணை உடைத்துச் சிலையை எடுப்பார்கள்.

இதில் மண் அச்சு ஒரே துண்டு. இரண்டு பாதிகளைச் சேர்த்ததில்லை என்பதால் சிலையில் இணைப்புக் கோடு விழ வழியில்லை. அச்சு ஒருமுறைதான் பயன்படும். மெழுகு உருவமும் போய்விடும். ஆகவே இரண்டு சிலைகள் அங்குலம் பிசகாமல் ஒன்றாக இருக்க முடியாது.

விலை மலிவாக, எண்ணிக்கையில் அதிகமாகச் செய்ய விரும்புவோர் வேறு வழியில் போகிறார்கள். ஒரு சிலையின் மேல் ரப்பரிலோ பாரிஸ் சாந்திலோ இரண்டு பாதி அச்சுகள் எடுத்து, அவற்றில் மெழுகை ஊற்றிப் பல மெழுகு உருவங்களைப் பெறுகிறார்கள். மணல் அச்சை இரண்டு பாதிகளாகச் செய்து பித்தளையை வார்ப்பதும் உண்டு. பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று விழும். கண்ணில் படும் இடங்களில் அதை அராவி மறைத்துவிடுவார்கள். அக்குளில், கால்களுக்கு நடுவில், காதின் பின்புறம், தாமரைப் பீடத்து இதழ்களின் அடியில் அரம் எளிதில் நுழையாது. கோட்டை அங்கேதான் தேட வேண்டும்.

கோடு போல் தெரிவதெல்லாம் இணைப்புக் கோடு அன்று. மெழுகு வார்ப்பில் சூட்டால் மண் அச்சு வெடித்தால், வெடிப்பில் உலோகம் புகுந்து சிறு வரம்பாக நிற்பதுண்டு. அது குறுகியதாக, வளைந்து நெளிந்து, ஓரிடத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். அச்சின் இணைப்புக் கோடோ உருவத்தின் இரு பக்கமும் ஒரே தளத்தில் ஓடும். திருவாசியையும் பீடத்தையும் தனியே வார்த்துப் பொருத்தும் வழக்கம் இருப்பதால், அவை சேரும் இடத்தையும் இணைப்புக் கோடு என்று தவறாகக் கொள்ளக் கூடாது.

கருவித் தழும்புகள்

சோழர் காலத்தில் நகை, ஆடை மடிப்பு போன்ற நுணுக்கங்களில் பெரும்பகுதியை மெழுகிலேயே முடித்துவிடுவார்கள். மெழுகில் இட்ட கோட்டின் விளிம்பு மென்மையாக, சற்று உருண்டு இருக்கும். இன்றைய சிலைகளிலோ பெரும்பாலும் வார்த்த பின்னரே உளியால் நுணுக்கங்கள் செதுக்கப்படுகின்றன. அந்தக் கோட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி இருந்தால் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

கோட்டின் அடியையும் பார்க்க வேண்டும். பழைய கோடாக இருந்தால் களிம்பும் அழுக்கும் அடிவரை போயிருக்கும். சுற்றிலும் பச்சையாக இருந்து கோட்டின் அடியில் மட்டும் மஞ்சளாக மின்னினால், களிம்புக்குப் பிறகு உளி பட்டிருக்கிறது. கையால் அராவிய கீறல்கள் நீளத்திலும் ஆழத்திலும் வேறுபடும். மின் கிரைண்டரின் கீறல்கள் ஒரே வளைவில், ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். பீடத்தின் அடிப்பக்கத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எண்ணி அங்கே அவற்றை விட்டுவிடுவது வழக்கம்.

இதற்கும் எல்லை உண்டு. வழிபாட்டில் தேய்ந்த பழைய சிலைகளின் முகத்தைப் பின்னாளில் மீண்டும் செதுக்கியிருக்கலாம். ஆகவே உளித் தழும்பு புதிது என்பதால் மட்டும் சிலையும் புதிது என்று சொல்லிவிட முடியாது.

தடயங்களைச் சேர்த்துப் பார்த்தல்

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஓர் அடி உயர வேணுகோபாலர் சிலை விற்பனைக்கு வருகிறது. வயலில் உழும்போது கிடைத்தது என்கிறார் விற்பவர். தலை முதல் பீடம் வரை பச்சை ஒரே சீராக இருக்கிறது. அசிட்டோன் பஞ்சு பட்ட இடத்தில் பச்சை நீங்கி மஞ்சள் உலோகம் தெரிகிறது. செந்நிற அடுக்கு இல்லை. வலது அக்குளில் ஒரு மெல்லிய கோடு தொடங்கி இடுப்பு வரை வருகிறது. இடது பக்கத்திலும் அதே தளத்தில் ஒரு கோடு ஓடுகிறது. மூக்கு நன்றாகத் தேய்ந்திருக்கிறது; அதைவிட முன்னால் நீட்டி நிற்கும் கால்விரல்களும் பீடத்தின் விளிம்பும் கூர்மையாக இருக்கின்றன. பீடத்தைத் திருப்பினால் கிரைண்டர் கீறல்கள் தெரிகின்றன.

தனித்தனியே கேட்டால் ஒவ்வொன்றுக்கும் விற்பவர் ஒரு விளக்கம் சொல்லலாம். பீடம் ஆடியதால் அடியைத் தேய்த்தோம் என்று சொல்லலாம். இரு பக்கமும் ஓடும் கோட்டுக்கும், தவறான இடத்தில் உள்ள தேய்மானத்துக்கும், கையோடு வரும் களிம்புக்கும் சேர்த்து ஒரே விளக்கம்தான் பொருந்தும். அது அச்சில் பெருக்கி எடுத்த புதுச் சிலை.

மரபு முறையிலேயே தேர்ந்த கைவினைஞர் ஒருவர் செய்த பிரதியை இவ்வளவு எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அதில் இணைப்புக் கோடே இருக்காது. தஞ்சை மாவட்டம் சிவபுரத்தில் 1951-இல் நிலத்திலிருந்து கிடைத்த நடராசர் சிலை, பின்னர் பழுதுபார்க்க அனுப்பப்பட்டபோது, அதற்குப் பதிலாக ஒரு பிரதியே கோயிலுக்குத் திரும்பி வந்தது. மூலச் சிலை தனியார் கைக்குப் போய்விட்டதை டக்ளஸ் பாரெட் 1965-இல் வெளிவந்த தம் நூலில் குறிப்பிட்ட பிறகே செய்தி பரவலாகத் தெரிய வந்தது. 1973-இல் அதை அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை வாங்கியது. வழக்குக்கும் உடன்பாட்டுக்கும் பின் 1986-இல் சிலை இந்தியா திரும்பியது. கோயில் சிலைகளை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அளவுகளைப் பதிவு செய்து வைப்பது ஏன் தேவை என்பதற்கு இந்நிகழ்வே விளக்கம்.

வகுப்பறையில் ஒரு செயல்பாடு

செம்புக் கம்பித் துண்டு ஒன்றை உப்புக் கலந்த வினிகரில் நனைத்த பஞ்சில் சுற்றி, மூடிய டப்பாவில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். பச்சை படரும். உலர்ந்ததும் ஈரத்துணியால் துடைத்து, எவ்வளவு எளிதாக வருகிறது என்று மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலோ பள்ளியிலோ நெடுநாள் கிடந்த பழைய செம்புப் பாத்திரத்தின் களிம்போடு அதை ஒப்பிடட்டும். செம்பு உப்புகள் நச்சுத்தன்மை உடையவை என்பதால் கைகளைக் கட்டாயம் கழுவச் செய்யுங்கள்.

இந்தச் சோதனைகளைக் கோயில் சிலையிலோ நிலத்தில் கிடைத்த சிலையிலோ செய்து பார்க்கக் கூடாது. களிம்பும் ஒட்டியிருக்கும் மண்ணும் சான்றுகள். துலக்கினால் அவை போய்விடும். மாணவர் யாரேனும் சிலை கிடைத்ததாகச் சொன்னால், அதைக் கழுவாமல் வட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ தெரிவிக்க உதவுங்கள். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, கிடைத்ததைத் தெரிவிப்பது கண்டெடுத்தவரின் கடமை. நூறாண்டுக்கு மேற்பட்ட சிலைகளுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் பொருந்தும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதை அது தடை செய்கிறது.