கண்டிப்பான கடிதத்தின் மென்மையான வினை

பாரிஸ் மாநகரில் வடக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகள் தெரு முழுக்க உண்டு. அங்கே ஒரு கடையில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் புது மிக்ஸி வாங்குகிறார், எட்டாம் மாதத்தில் அதன் மோட்டார் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கடைக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதுகிறார். கடைக்காரருக்குப் பேச்சு பிரெஞ்சு போதிய அளவு தெரியும், கடித பிரெஞ்சு தெரியாது. தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, இதைத் தமிழில் சொல்லுங்கள் என்கிறார்.

கடிதத்தின் முக்கியமான வரி ‘புரியே வூ’ என்று தொடங்குகிறது. சொல்லுக்குச் சொல் மாற்றினால், “பழுது பார்த்துத் தர உங்களால் முடியுமா?” என்று வரும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் “திருத்தித் தர ஏலுமோ?” அடுத்த வரி ‘ஜெ வூ ஸொரே கிரே’ என்று போகிறது. அதையும் அப்படியே மாற்றினால், “பதினைந்து நாட்களுக்குள் பதில் தந்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.” கடைக்காரர் நிம்மதியாகிவிடுவார். ஆள் நல்லவர், கெஞ்சிக் கேட்கிறார், ஆறுதலாகப் பார்ப்போம் என்று கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லும் தவறில்லை. ஆனால் கடைக்காரருக்கு விஷயம் போய்ச் சேரவில்லை.

இந்த வினை வடிவத்தைப் பிரெஞ்சில் ‘கோந்திசியோனெல்’ என்கிறார்கள். எதிர்கால வினையின் அடியை எடுத்து, அதில் இறந்தகாலத் தொடர்வினையின் விகுதியைச் சேர்த்தால் அது பிறக்கும். ‘ஒரு நிபந்தனை நிறைவேறினால் இது நடக்கும்’ என்பது அதன் அடிப்படைப் பொருள்களில் ஒன்று. மரியாதைக்காக அதைப் பயன்படுத்தும்போது ‘உங்களுக்கு இயலுமானால்’ என்ற பகுதியைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். கேட்பவர் தன் விருப்பத்தை எதிரில் இருப்பவரின் முகத்துக்கு நேரே நீட்டாமல் ஓர் அடி தள்ளி வைக்கிறார். அந்த இடைவெளிதான் மரியாதை. அதில் தாழ்மை கிடையாது. காப்பிக் கடையில் “ஜெ வூத்ரே” என்று சொல்லிக் காப்பி கேட்பவர் யாரிடமும் கெஞ்சவில்லை. காசு கொடுத்து வாங்குகிறார்.

தமிழில் நிலைமை வேறு. அலுவலகக் கடிதத்தில் மரியாதையைக் கூட்டக் கூட நாம் கீழே இறங்குவோம். ‘தயவுகூர்ந்து’, ‘தாழ்மையுடன்’, ‘பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்ற படிகள் எல்லாம் கீழ்நோக்கியே போகும். ஆகவே பிரெஞ்சுக் கடிதத்தின் மரியாதையை இந்தச் சொற்களில் கொண்டுவந்தால், உரிமையோடு கேட்கும் வாடிக்கையாளர் உதவி கேட்டு வந்தவர் ஆகிவிடுவார். என் கருத்தில் இங்கே பொருந்தும் தமிழ், ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்ற பழகிய வினைதான். “பழுதுபார்த்தோ மாற்றியோ தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து நாட்களுக்குள் பதில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.” இதில் மரியாதை உண்டு, விறைப்பும் உண்டு. நன்றி என்ற சொல் காணாமல் போகிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. பிரெஞ்சிலும் அது தேய்ந்துபோன சடங்குச் சொல்தான்; எழுதுபவர் நன்றியை நினைத்து எழுதுவதில்லை.

அதே கடிதத்தில் இந்த வினை வேறு வேலைகளும் செய்யும். மொழிபெயர்ப்பாளர் அதிகம் தடுக்கி விழும் இடம் அது. கடைக்கு மிக்ஸியைக் கொண்டுபோனவர் அவருடைய மனைவி. “என் மனைவி சொன்னபடி, உங்கள் விற்பனையாளர் அதை வாங்க மறுத்தார்” என்று எழுதும்போது, மறுத்தார் என்பதற்கும் கோந்திசியோனெல் வரும்: ‘ஒரே ரெஃப்யுஸே’. இங்கே அது மரியாதையைக் குறிக்கவில்லை. நான் நேரில் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதைச் சொல்கிறேன் என்ற பொருள். பிரெஞ்சுச் செய்தித்தாள்கள் உறுதியாகாத செய்திக்கு அன்றாடம் இதையே பயன்படுத்துகின்றன. இதை “மறுத்திருப்பார்” என்று மாற்றினால் ஊகமாகிவிடும். “மறுத்தார்” என்றால் நேரடிக் குற்றச்சாட்டாகிவிடும். தமிழுக்கு இந்த வேலைக்கென்றே ‘ஆம்’ என்ற விகுதி இருக்கிறது: “மறுத்துவிட்டாராம்.” கடித நடையில் “மறுத்துவிட்டதாகத் தெரிகிறது” என்றால் போதும்.

“வூ ஸொரியே ட்யூ” என்று தொடங்கும் இன்னொரு வரி உண்டு. அதே வினைதான், ஆனால் இம்முறை அது கண்டனம்: “உதிரிபாகம் கிடைக்காது என்பதை விற்கும்போதே நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.” நம் ‘இருக்க வேண்டும்’ இதற்கு அளவெடுத்ததுபோலப் பொருந்துகிறது. பிரெஞ்சு ஒரே வடிவத்தில் அடக்கும் கோரிக்கையையும் கேள்விப்பட்டதையும் கண்டனத்தையும் தமிழ் தனித்தனி வடிவங்களில் சொல்லும். எனவே வினையைப் பார்த்தவுடன் மாற்றத் தொடங்கக் கூடாது. அது அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

கடைசி வரியில் எச்சரிக்கை வரும்: ‘இல்லையேல் சட்ட நடவடிக்கை எடுக்க நேரிடும்’. கவனமாக எழுதுபவர் இங்கே கோந்திசியோனெலை விட்டுவிட்டு நேரடி எதிர்காலத்துக்கு வந்துவிடுவார். இரண்டு வடிவங்களுக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு, இறுதியில் ஒலிக்காத ஓர் ‘எஸ்’ மட்டுமே. பேச்சில் பலர் இரண்டையும் ஒன்றுபோலவே சொல்வதால், பிரெஞ்சுக்காரர்களே எழுதும்போது குழம்புவதுண்டு. ‘எஸ்’ இல்லையென்றால் மென்மைக்காலம் முடிந்தது என்று கொள்ளலாம்.

இதற்கும் பதில் வராவிட்டால் இரண்டாவது கடிதம் பதிவுத் தபாலில், பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டுடன் வரும். அதில் ‘மீஸ் ஆன் தெமர்’ என்ற சொல் இருக்கும். கடமையைச் செய்யச் சொல்லி முறைப்படி கொடுக்கும் அறிவிப்பு அது. அங்கே கோரிக்கை வினை கோந்திசியோனெலில் வராது, நிகழ்காலத்தில் நேராக நிற்கும். முதல் கடிதத்துக்கு ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதியவர், இதற்கும் அதையே எழுதினால் ஏறிய சூடு தமிழில் தெரியாமல் போகும். “சரிசெய்து தர வேண்டும் என இதன்மூலம் முறைப்படி அறிவிக்கிறேன்” என்று நிறுத்த வேண்டும். முதல் கடிதத்தில் நாம் அளவோடு இருந்தால்தான் இந்த ஏற்றத்துக்கு இடம் மிஞ்சும்.

இதெல்லாம் வெறும் நடை பற்றிய பேச்சு என்று தோன்றலாம். மிக்ஸிக் கதையில் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிரான்சில் வணிகர் நுகர்வோருக்கு விற்கும் பொருளுக்கு இரண்டு ஆண்டு சட்டப்பூர்வ உத்தரவாதம் உண்டு. புதுப் பொருளில் அந்தக் காலத்துக்குள் தெரியவரும் குறை, கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. பழுதுபார்ப்பதா மாற்றித் தருவதா என்பதைப் பொதுவாக வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம். அதை விற்றவர் செய்து முடிக்க அதிகபட்சம் 30 நாள். அந்த நாட்கள் வாடிக்கையாளர் கோரிக்கை வைத்ததிலிருந்து ஓடத் தொடங்கும்.

அதாவது இரண்டாவது, கடுமையான கடிதத்துக்காகக் கடிகாரம் காத்திருப்பதில்லை. ‘புரியே வூ’ என்ற அந்த மென்மையான வரியிலேயே கோரிக்கை வைக்கப்பட்டுவிட்டது. கெடு தாண்டினால் விலைக்குறைப்போ, பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமோ கேட்கும் உரிமை வாங்கியவருக்கு வந்துவிடும்.

ஆகவே, பிரெஞ்சுப் புகார்க் கடிதத்தைத் தமிழில் சொல்லித் தருபவர்களே, குரலின் மென்மையை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். என்ன கேட்கிறார், எத்தனை நாளுக்குள் கேட்கிறார் என்பதை முதலில் சொல்லுங்கள். கடை நடத்துபவர்களே, அந்த முதல் கடிதத்தின் தேதியைக் குறித்துக்கொண்டு அதற்கே பதில் எழுதிவிடுங்கள்.