கையில் 6,000, கேட்பது 48,000

திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி நடத்துபவருக்குத் தூக்கம் கெடுவது ஆர்டர் இல்லாத வாரத்தில் மட்டுமல்ல. எதிர்பாராமல் பெரிய ஆர்டர் ஒன்று வந்து விழும் வாரத்திலும்தான். வாரத்துக்கு 6,000 டி-ஷர்ட் தைக்கிற இடத்துக்கு 48,000 பீஸ் கேட்டு பையரிடமிருந்து மெயில் வருகிறது. விலையும் சரியாக இருக்கிறது. முடியாது என்றால் அடுத்த சீசனில் அந்த பையர் வேறு வாசலுக்குப் போய்விடுவார் என்று பயம். முடியும் என்று சொல்லிவிட்டு, பிறகு கணக்குப் போட உட்காருகிறார்கள். இந்த வரிசையைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

ஒரு யூனிட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 30 தையல் மெஷின், தைப்புக்குக் கிடைக்கும் காலம் 5 வாரம். நூல் வாங்கி, நிட்டிங், டையிங், காம்பாக்டிங் முடிந்து துணி வந்து சேருவதற்கான நாட்களை இதில் சேர்க்கவில்லை. சாதாரண ரவுண்டு நெக் டி-ஷர்ட் ஒன்றுக்கு எல்லாத் தையலும் சேர்த்து 8 நிமிடம் என்று வைப்போம். 30 மெஷின் வாரம் 48 மணி நேரம் ஓடினால் 10,800 பீஸ் வரவேண்டும். வராது. நூல் அறுவது, பண்டல் வரக் காத்திருப்பது, ஆல்ட்ரேஷன், ஆள் வராதது எல்லாம் கழிந்து 55 சதவீதம் கிடைத்தாலே நல்ல லைன்தான். அதாவது ஏறக்குறைய 6,000. பையரிடம் வாக்குக் கொடுக்கும்போது மட்டும் முதலாளியின் மனதில் 10,800 ஓடிக்கொண்டிருக்கும். மூன்று மாத டெய்லி ரிப்போர்ட்டைப் புரட்டி, நல்ல வாரத்தையும் மோசமான வாரத்தையும் தள்ளிவிட்டு நடுவாரத்தை எடுப்பதுதான் நம்பகமான அளவு.

இந்த 6,000-மும் முழுதாகக் கைக்கு வராது. முதல் வாரம் ஏற்கனவே ஒப்புக்கொண்ட பழைய ஆர்டருக்குப் போய்விட்டது. இரண்டாம் வாரம் புது ஸ்டைல் லைனில் ஏறுகிறது. டெய்லர்களுக்குக் கை படியும் வரை ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கும், 4,000 என்று எழுதிக்கொள்ளலாம். அடுத்த மூன்று வாரமும் ஆறாயிரம் ஆறாயிரமாக 18,000. மொத்தம் 22,000. ஆர்டரில் பாதிகூட இல்லை. துண்டு விழுவது 26,000.

இங்கே பெரும்பாலோரின் கை முதலில் போவது ஓவர்டைமுக்கு. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, எல்லாம் நம் கூரைக்குள்ளேயே நடக்கிறது என்பதால் அது சுலபமாகத் தெரிகிறது. ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பது திருப்பூரின் அன்றாடச் சொல். காலையில் தொடங்கி இரவு வரை 12 மணி நேரம், ஒன்றரை நாள் கூலி. ஆனால் இந்த வழக்கம் வேறு, சட்டம் வேறு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. கூடுதல் வேலைக்கு அது பொதுவாக வகுத்த வரம்பு நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60, மூன்று மாதத்துக்கு மொத்தம் 50 மிகை மணி. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் வரம்புகள் மாறலாம், கணக்குப் போடும் முறை மாறாது. வெளிநாட்டு பையர்கள் பலரின் ஆடிட்டும் வாரம் 60 மணி என்ற கோட்டில்தான் நிற்கிறது. தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் ஆறு நாளில் 72 மணி. ஆர்டரை முடிக்கப் போய் பையரையே இழக்க அது போதும்.

சரி, வரம்புக்குள் நின்று பார்ப்போம். தினமும் 2 மணி நேரம் கூட்டினால் வாரம் 12 மணி, காகிதத்தில் 1,500 பீஸ் கூடுதல். மாலை ஐந்தரைக்கு மேல் கையின் வேகம் குறையும், தையல் விட்டுப்போகும், மறுநாள் காலை ஆல்ட்ரேஷன் மேஜையில் குவியல் ஏறும். முக்கால் பங்கு, அதாவது 1,100 சொச்சம் கிடைத்தால் பெரிது. சாதாரண நேரத்தில் ஒரு பீஸுக்குத் தையல் கூலி 12 ரூபாய் விழுகிறது என்றால், இரட்டைக் கூலியும் குறைந்த ஓட்டமும் சேர்ந்து அது 32 ரூபாய் ஆகிறது. கை படியாத இரண்டாம் வாரத்தில் ஓவர்டைம் போடுவது, பழகுவதற்கு இரட்டைச் சம்பளம் கொடுப்பது மாதிரி. அதனால் மூன்று வாரம் மட்டும் போட்டால் கிடைப்பது சுமார் 3,300. துண்டு விழுவதோ 26,000. அத்தனை இரவும் அதில் ஒரு மூலையைத்தான் அடைக்கிறது.

ஓவர்டைம் அளவு மீறிவிட்டது என்பதை ரிப்போர்ட்டைவிட வருகைப் பதிவேடு முன்கூட்டிச் சொல்லும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிப் போனவர்களில் திங்கட்கிழமை எத்தனை நாற்காலி காலி என்று எண்ணினால் போதும். இரண்டு வாரம் தொடர்ந்து அந்த எண்ணிக்கை ஏறினால், இரவில் கூட்டியதைப் பகலில் இழந்துகொண்டிருக்கிறோம் என்று பொருள்.

அடுத்த வழி ஜாப் ஒர்க். வெட்டிய துணியைப் பண்டல் கட்டி வெளி யூனிட்டுக்குத் தைக்கக் கொடுப்பது. இங்கே முதல் கேள்வி பையரிடம் சொல்லியாயிற்றா என்பது. அங்கீகரித்த இடத்தைத் தவிர வேறு எங்கும் தைக்கக்கூடாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கும். அதை வெறும் சடங்காக நினைக்க முடியாதபடி ஒரு சம்பவம் உண்டு. 2012 நவம்பர் 24-ல் டாக்கா அருகே ஆஷுலியாவில் தஸ்ரீன் ஃபேஷன்ஸ் ஆலை தீப்பிடித்துக் குறைந்தது 112 பேர் இறந்தார்கள். தங்கள் துணி அங்கே தைக்கப்பட்டது தங்கள் அனுமதி இல்லாமல் என்று அப்போது வால்மார்ட் சொன்னது. அதற்குப் பிறகு பையர்கள் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. சொல்லிவிட்டுக் கொடுத்தால் வேலை, சொல்லாமல் கொடுத்தால் குற்றம்.

இரண்டாவது, ஜாப் ஒர்க்காரரின் வாய்க்கணக்கு.

“எத்தனை மெஷின் ஓடுதுங்ணா?”

“பதினஞ்சு ஓடுதுங்க. நீங்க பீஸ் அனுப்புங்க, பாத்துக்கலாம்.”

பதினைந்து மெஷின் இருக்கலாம். அதில் உங்கள் பீஸுக்கு எத்தனை என்பதுதான் விஷயம். அவருக்கு உங்களைப் போல இன்னும் மூன்று பேர் உண்டு, அதிகம் சத்தம் போடுபவரின் பண்டல்தான் முதலில் மெஷினில் ஏறும். நேரில் போய், உங்கள் துணி ஓடும் மெஷினை மட்டும் எண்ண வேண்டும். சொல்லாமல் போவது உத்தமம். 15 மெஷினுக்கு வாரம் 3,000 என்று நம் லைனை வைத்துக் கணக்குப் போடத் தோன்றும், 2,000 என்று எழுதுவது நல்லது. முதல் வாரம் 1,000, பிறகு மூன்று வாரம் இரண்டாயிரம் என்றால் ஒரு யூனிட்டுக்கு 7,000. இரண்டு யூனிட்டுக்கு 14,000.

எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எண்ணிக்கையை வைத்து, கையில் அகப்பட்ட பண்டலை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தால், ஒரே கார்ட்டனுக்குள் மூன்று இடத்துத் தையல் வந்து சேரும். ஒன்றின் கழுத்து கொஞ்சம் இழுபடும், ஒன்று சுருங்கித் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும், கார்ட்டனில் அவை பக்கத்தில்தான் இருக்கின்றன. கலர் வாரியாகப் பிரித்தால் இந்தத் தொல்லை பெரிதும் போகும். நேவி முழுவதும் ஒரு யூனிட்டுக்கு, கிரே முழுவதும் இன்னொன்றுக்கு. ஒரே கலரிலும் டையிங் லாட் மாறினால் ஷேடு லேசாக மாறும் என்பதால் லாட்டைக் கலக்காமல் கொடுக்க வேண்டும். கட்டிங், கடைசி செக்கிங், பேக்கிங் மூன்றையும் வெளியே விடக்கூடாது. தையல் நூலும் லேபிளும் நம் இடத்திலிருந்தே எண்ணிப் போகட்டும், கூடவே டெலிவரி சலானும்.

ஒப்புதல் பெற்ற சாம்பிளையும் அளவு சார்ட்டையும் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்று வந்துவிடக்கூடாது. முதல் நாளின் முதல் 50 பீஸை அங்கேயே உட்கார்ந்து அளந்து பார்த்தால், ஐந்தாயிரம் பீஸைப் பிரித்துத் தைப்பதிலிருந்து தப்பலாம். தைத்தது தினமும் வந்து சேர வேண்டும் என்பதும் ஆரம்பத்திலேயே பேசவேண்டிய ஒன்று. கடைசி சனிக்கிழமை 7,000 பீஸ் மூட்டையாக வந்து இறங்கினால் தையல் முடிந்திருக்கும், செக்கிங்கும் அயர்னிங்கும் திணறும்.

இதுவரை 22,000, ஜாப் ஒர்க் 14,000. சேர்த்தால் 36,000. மீதி 12,000 நிற்கிறது. ஓவர்டைமின் 3,300-ஐச் சேர்த்தாலும் அது அடைபடாது. மூன்றாவது ஜாப் ஒர்க் யூனிட் தேடலாம், ஆனால் கண்காணிக்கப் போகிற மேற்பார்வையாளர் ஒருவர்தான். இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. 36,000-ஐக் கேட்ட தேதியில் அனுப்புகிறோம், 12,000-ஐ இரண்டு வாரம் கழித்து அனுப்பலாமா என்று பையரைக் கேட்பது. அந்த இரண்டு வாரத்தில் நம் லைன் மட்டுமே 12,000 தைத்துவிடும். ஓவர்டைம் ஒரு மணி நேரம்கூட வேண்டாம். வேண்டாம் என்பதாலேயே அந்த 3,300 கைவசம் இருப்பாக நிற்கிறது. டையிங் நான்கு நாள் தாமதித்தால் எடுத்து வீச அது உதவும்.

என் அனுபவத்தில் உற்பத்தியாளர்கள் கடைசியாகக் கேட்பது இதைத்தான். கேட்டால் சிறியவர்களாகத் தெரிவோம் என்று கூச்சம். ஆனால் 48,000-மும் ஒரே நாளில் கடையில் தொங்கப்போவதில்லை. ஒரு பங்கு கடைகளுக்குப் போகும், மற்றது கிடங்கில் காத்திருக்கும். எந்தக் கலர், எந்த சைஸ் முதலில் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலான மெர்ச்சன்டைசர்களிடம் பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலை வைத்துத்தான் கலரை யூனிட்டுகளுக்குப் பிரிக்க வேண்டும், முதலில் போகிற கலர் நம் லைனில் ஓடட்டும். ஒன்று மட்டும் முக்கியம்: இதை ஆர்டரை ஏற்கும் மெயிலிலேயே கேட்க வேண்டும். அப்போது அது திட்டம். கப்பல் தேதிக்கு ஒரு வாரம் முன்பு கேட்டால் அதே கேள்வி தோல்வி. அதற்குப் பதில், சரக்கை உங்கள் செலவில் விமானத்தில் ஏற்றுங்கள் என்று வரும், ஆர்டரின் லாபம் தூத்துக்குடி போவதற்குள் கரைந்துவிடும்.

இரண்டு தவணையாக அனுப்பினால் சரக்குக் கட்டணமும் ஆவணச் செலவும் கூடும். யார் தலையில் என்று முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

பணம் எல்.சி. வழியாக வருகிறதென்றால் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 2007 ஜூலை முதல் வங்கிகள் பின்பற்றும் யு.சி.பி. 600 விதிகளின்படி, எல்.சி. தடை செய்யாத வரை சரக்கைப் பகுதி பகுதியாக அனுப்பலாம். ஆகவே கடைசிக் கப்பல் தேதியை இரண்டு வாரம் நீட்டி ஒரு திருத்தம் வாங்கினால் போதும். ஆனால் பையர் நல்லெண்ணத்தில், இத்தனாம் தேதி முதல் இத்தனாம் தேதிக்குள் 36,000, இத்தனாம் தேதி முதல் இத்தனாம் தேதிக்குள் 12,000 என்று தவணை அட்டவணையாகவே எல்.சி.-யில் எழுதிவிட்டால் நிலைமை மாறும். அதே விதிகளின் 32-ஆம் பிரிவின்படி, ஒரு தவணை உரிய காலத்தில் போகாவிட்டால் அந்தத் தவணைக்கு மட்டுமல்ல, பின்னால் வரும் தவணைகளுக்கும் எல்.சி. செல்லாது. எல்.சி. வேறுவிதமாகச் சொல்லியிருந்தால்தான் தப்பு. முதல் லாட் இரண்டு நாள் பிந்தினால், மீதி 12,000 பீஸை அது குறித்த நேரத்தில் தயாராகிக் கார்ட்டனில் நின்றாலும் அந்த எல்.சி.-யை நம்பி அனுப்ப முடியாது. பையரின் தயவில் புதுத் திருத்தம் வரும்வரை அது செக்கிங் ஹாலிலேயே கிடக்கும். அதனால் அட்டவணை மெயிலில் இருக்கட்டும், எல்.சி.-யில் கடைசித் தேதி மட்டும் இருக்கட்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். திருத்தத்தின் நகல் வங்கியிலிருந்து வந்த பிறகுதான் கட்டிங் மாஸ்டர் முதல் லேயரை மேஜையில் விரிக்கலாம்.