கோடும் கூம்பும்

2004 ஆகஸ்ட் 13. சார்லி புயல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரை நோக்கி வருவதாக முன்னறிவிப்பு வரைபடத்தின் நடுக்கோடு காட்டியது. புயலோ திரும்பி, தெற்கே புன்டா கோர்டாவைத் தாக்கியது. வெள்ளைக் கூம்புக்குள்தான் அந்த ஊரும் இருந்தது. ஆனால் பலரின் கண்ணும் கோட்டிலேயே நின்றுவிட்டது.

அமெரிக்கத் தேசியப் புயல் மையம் முந்தைய 5 ஆண்டுகளின் கணிப்புப் பிழைகளை வைத்து இந்தக் கூம்பை வரைகிறது. மூன்றில் இரண்டு முறை புயலின் மையம் இதற்குள் இருக்கும். ஒரு முறை வெளியே போகலாம். நாட்கள் கூடக்கூடப் பிழையும் கூடும் என்பதால் கூம்பு விரிகிறது. பார்ப்பவர்களில் பலர் புயலே பெருத்துக்கொண்டு வருவதாக நினைக்கிறார்கள். கூம்புக்கு வெளியே ஆபத்தில்லை என்று நம்புவது இன்னும் மோசம். காற்றும் மழையும் கூம்பின் எல்லையோடு நிற்பதில்லை.

இதை ஸ்லைடில் காட்டுபவர், முதலில் நடுக்கோட்டை எடுத்துவிடலாம். அதற்குப் பதில், புயல் போகக்கூடிய பத்துப் பதினைந்து பாதைகளை மெல்லிய கோடுகளாக வரையலாம். அப்போது புயல் பெருக்கிறது என்ற எண்ணம் குறைவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. இதிலும் ஒரு சிக்கல்: தன் ஊர் மீதே ஒரு கோடு ஓடினால் அளவுக்கு மீறிப் பயப்படுவார்கள். அதனால் படத்தின் மேலேயே, “மூன்றில் ஒரு முறை மையம் கூம்பைத் தாண்டும்” என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள்.