மாடித் தோட்டத்துக்கு விதை வாங்குகிறீர்களா? படத்தைப் பார்க்காதீர்கள், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஜோர்ஜ்டவுனில் மொட்டை மாடியிலும் அடுக்குமாடி வீட்டு வராந்தாவிலும் தொட்டி வைத்துக் காய்கறி போடுபவர்களிடம் பேசினால் இரண்டு குறைகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். ஒன்று, "செடி நல்லா வந்துச்சு, காய்தான் பிடிக்கல". மற்றொன்று, "விதையே முளைக்கல". இரண்டுக்கும் மண்ணையும் உரத்தையும் குறை சொல்வது வழக்கம். ஆனால் பல வேளைகளில் கோளாறு விதையில் இருக்கிறது. காய் பிடிக்கவில்லை என்றால் ரகம் நம் ஊருக்கு ஏற்றதல்ல. முளைக்கவில்லை என்றால் விதை கடையிலேயே செத்துப் போயிருக்கிறது. முதலாவது விதை நிறுவனத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. இரண்டாவது விற்பவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது.

முதலில் ரகம். தக்காளியை எடுத்துக்கொள்வோம். பேரங்காடி அடுக்குகளில் ஐரோப்பிய, அமெரிக்கப் பெயர்களோடு பெரிய சிவப்புத் தக்காளிப் படம் போட்ட பாக்கெட்டுகள் கிடைக்கின்றன. அந்த ரகங்கள் குளிர்ந்த இரவுக்குப் பழகியவை. இரவு வெப்பம் சுமார் 21 டிகிரிக்கு மேல் போனால் அவற்றின் மகரந்தம் கெட ஆரம்பிக்கும். பினாங்கில் விடியற்காலையில்கூட 24 டிகிரி இருக்கும். நாள் முழுவதும் வெயிலில் காய்ந்த சிமெண்டு மாடி இரவிலும் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் செடி ஆளுயரம் வளரும், பூவும் பூக்கும். பிறகு பூக்காம்பின் நடுவில் உள்ள கணு மஞ்சளாகி, பூ அந்த இடத்திலேயே உடைந்து விழும். இப்படி விழுந்தால் காரணம் பெரும்பாலும் சூடுதான். இந்த நிலையில் உரத்தைக் கூட்டினால் இலைதான் கூடும்.

கடையில் விற்கும் தக்காளி பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து வருவதற்கும் இதுவே காரணம். மாடியில் தக்காளி வேண்டுமென்றால் சிறிய செர்ரி வகையைத் தேடுங்கள். சூட்டில் அது பெரிய தக்காளியைவிட நன்றாகக் காய் பிடிக்கும். பாக்கெட்டில் 'தானா ரெண்டா', அதாவது தாழ்நிலத்துக்கு ஏற்றது என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 'தானா திங்கி' என்று இருந்தால் அது மலைக்கு உரியது.

வெங்காயத்தின் கதை வேறு. அதற்குச் சூட்டைவிட பகல் நீளம்தான் கணக்கு. ஐரோப்பிய ரகங்கள் பல, பகல் 14 மணி நேரத்துக்கு மேல் நீண்டால்தான் கிழங்கு கட்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள நமக்கு ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். எத்தனை மாதம் காத்திருந்தாலும் தாள்தான் கிடைக்கும்.

அப்படியானால் எந்த நிறுவனம்? வெப்ப மண்டலத்தில் வைத்தே ரகங்களை உருவாக்கும் நிறுவனமா என்பதுதான் முதல் கேள்வி. ஈஸ்ட்-வெஸ்ட் சீட் நல்ல எடுத்துக்காட்டு. சைமன் குரூட் என்ற டச்சு விதை வியாபாரி 1982இல் பிலிப்பைன்ஸில் இதைத் தொடங்கினார். ஐரோப்பிய விதையைக் கொண்டுவந்து விற்காமல், இங்குள்ளவர்கள் சாப்பிடும் பாகற்காய் போன்ற காய்களிலேயே புதிய ரகங்களை உருவாக்கியதுதான் அவர் செய்த வித்தியாசமான வேலை. 2019இல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இந்தோனேசியாவில் அந்த நிறுவனத்தின் விதை 'சாப் பானா மேரா', அதாவது சிவப்பு அம்பு என்ற பெயரில் விற்கிறது. பாங்காக்கில் 1921இல் ஒரு சிறு விதைக் கடையாகத் தொடங்கிய சியா தாய், தைவானின் நோன்-யூ, நம் நாட்டின் கிரீன் வேர்ல்ட் ஜெனிடிக்ஸ் ஆகியவையும் இந்த வரிசையில் பார்க்க வேண்டிய பெயர்கள். அரசாங்கத்தின் மார்டி ஆராய்ச்சிக் கழகமும் நம் தாழ்நிலத்துக்கென்றே ரகங்களை வெளியிட்டிருக்கிறது. எம்சி 11 மிளகாய் அவற்றில் ஒன்று.

மிளகாயில் ஒரு குழப்பம் உண்டு. 'சிலி கூலாய்' என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அது ரகத்தின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். ஜொகூர் கூலாயின் பெயரால் வந்த அந்தச் சொல் இப்போது நீளமான சிவப்பு மிளகாய் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. கூடவே ஓர் எண்ணோ தனிப் பெயரோ இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது.

சரியான நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. விதை உயிருள்ள பொருள். அதைக் கொல்பவை சூடும் ஈரமும். விதைத் துறையில் ஒரு பழைய கணக்கு உண்டு: சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தால் விதையின் ஆயுள் சுமார் இரு மடங்காகும். திருப்பிப் பார்த்தால், 25 டிகிரியில் ஓராண்டு தாங்கும் விதை 35 டிகிரியில் மூன்று மாதம்தான் தாங்கும். நம் காற்றின் ஈரம் அதையும் குறைக்கும். மாலை வெயில் படும் ஐந்தடியில், உரமூட்டைக்குப் பக்கத்தில் கம்பியில் தொங்கும் பாக்கெட்டுகளை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு நல்ல பெயர் அச்சிட்டிருந்தாலும் அது காப்பாற்றாது.

ஆகவே கடைக்குப் போனால் முதலில் விதை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குளிர்சாதன அறையிலோ ஐஸ் பெட்டியிலோ வைத்திருந்து, கேட்டால் எடுத்துக் கொடுப்பவர் விதை தெரிந்தவர். காய்கறி விவசாயிகள் வந்துபோகும் உரக்கடைகள், வட்டார விவசாயிகள் கழகமான பெபெகாவின் கடைகள் போன்ற இடங்களில் சரக்கு வேகமாக மாறும். விதை ஆண்டுக்கணக்கில் கிடக்காது. செபராங் பிறைக்குப் போக வாய்ப்புள்ளவர்கள் அந்தப் பக்கக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்து பாக்கெட்டின் பின்பக்கம். லாட் எண், அடைத்த தேதி, 'தாரிக் லுப்புட்' என்னும் காலாவதித் தேதி, 'பெர்ச்சம்பாஹான்' என்னும் முளைப்புச் சதவிகிதம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். அலுமினியத் தாள் உறையாக இருந்தால் ஈரம் புகாது. வெறும் காகிதமும் மெல்லிய பிளாஸ்டிக்கும் ஈரத்தைத் தடுக்காது. விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியிருந்தால் அது பூஞ்சை மருந்து. போலி என்று பயப்பட வேண்டாம், ஆனால் கையைக் கழுவுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

விற்பவரை உண்மையாகச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. வெண்டி விதை 20 எடுத்து, ஈரமாக்கிப் பிழிந்த டிஷ்யூ தாளில் பரப்பிச் சுருட்டி, ஜிப் பையில் போட்டு வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். வெண்டி, கீரை, பயற்றங்காய் எல்லாம் மூன்றிலிருந்து ஐந்து நாளில் முளைவிடத் தொடங்கும். மிளகாய்க்கு இரண்டு வாரம் வரை பொறுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து வெண்டியை எண்ணுங்கள். முளைக்காதவற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். கூழாகி நாற்றமடித்தால் செத்த விதை. கல் மாதிரி கடினமாக, உப்பாமல் இருந்தால் தோல் தடித்த விதை. இரவு முழுக்க நீரில் ஊறவைத்தால் அதில் சில முளைக்கும்.

ஒரே நிறுவனத்தின் வெண்டி விதையை இரு கடைகளில் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். முதல் கடை விதையில் 20க்கு 17 முளைத்தது, அதாவது 85 சதவிகிதம். இரண்டாவதில் 7, அதாவது 35 சதவிகிதம். மாடியில் எட்டுத் தொட்டி, தொட்டிக்கு இரண்டு விதை. முதல் விதையில் ஒரு தொட்டிகூட காலியாக இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டாவதில் இரண்டு விதையும் பொய்க்கும் வாய்ப்பு நூற்றுக்கு 42. எட்டில் மூன்று தொட்டி காலியாகும். முளைத்தவையும் மெலிந்து, தாமதமாகத்தான் வரும், ஏனென்றால் சாவதற்கு முன் விதை முதலில் வலுவைத்தான் இழக்கும். இந்திய விதைத் தரத்தில் வெண்டிக்குக் குறைந்தபட்ச முளைப்பு 65 சதவிகிதம். அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் 20 விதை என்பது சிறிய கணக்கு. 14க்கும் 12க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒரு கடைக்காரரைப் பழிக்காதீர்கள். 7 என்றால் தயங்காமல் வேறு கடை பாருங்கள்.

இணையத்தில் வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நீலத் தக்காளி, வானவில் மிளகாய் என்று படம் போடுபவர்களைச் சொல்லவே வேண்டாம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, விவசாயிகளுக்கான பெரிய டின்னைப் பிரித்து 20, 30 விதையாகச் சிறு பையில் கட்டி விற்பவர்கள். இது தவறான தொழில் இல்லை. நமக்கு ஒரு டின் தேவையும் இல்லை. ஆனால் டின்னைத் திறந்த நாளிலிருந்து ஈரம் ஏறத் தொடங்கும். வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: டின் எப்போது திறந்தது, லாட் எண்ணும் தேதியும் தெரிகிற படம் அனுப்ப முடியுமா? ஒழுங்கான வியாபாரி ஐந்து நிமிடத்தில் படம் அனுப்புவார். 'எல்லாம் புதுசு' என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

வெண்டியிலும் மிளகாயிலும் எஃப்1 என்று போட்ட கலப்பின விதை நல்ல விளைச்சல் தரும். ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது, கலந்து கட்டி வரும். விதையை நீங்களே எடுத்து வைக்க விரும்பினால் எஃப்1 இல்லாத ரகத்தை வாங்க வேண்டும். இங்கேதான் தோட்டப்புற வீடுகளின் அருமை தெரிகிறது. பல தலைமுறையாகக் கைமாறிய அவரை, கத்தரி, தண்டுக்கீரை விதைகள் இந்த வெயிலிலும் மழையிலும் தேறி வந்தவை. ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் வீட்டுத் தோட்டத்தையும் நாட்டு விதையைச் சேமிப்பதையும் நீண்ட காலமாக வலியுறுத்தி வருகிறது.

உறவினரிடம் விதை கேட்கும்போது கொத்தாக அள்ளி வராமல் செடியைப் போய்ப் பாருங்கள். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக இருக்கும் பயற்றங்கொடியில் விதை எடுக்கக்கூடாது. அந்த வைரஸ் நோய் விதை வழியாகவே உங்கள் மாடிக்கு வரும். பயற்றங்காய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆகவே விதை மாறாது. பீர்க்கு, புடலை வகைகளில் பூச்சி பக்கத்து ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும்.

தமிழ்நாட்டுக்குப் போய் வருபவர்கள் பையில் விதை கொண்டுவருவது பற்றியும் சொல்ல வேண்டும். 1976ஆம் ஆண்டு தாவர தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ், வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் பயிர் நலச் சான்றிதழும் வேண்டும். ஒரு பாக்கெட் என்றாலும் விமான நிலையத்தில் பறிமுதல் செய்யலாம். இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து தபாலில் வரவழைப்பதற்கும் இதே விதிதான். ஆகவே உள்ளூரில் இருந்து அனுப்புகிறாரா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய விதையில் மீதியை இறுக மூடும் கண்ணாடிப் போத்தலில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு, தேதி எழுதி, ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். போத்தல் அறைச் சூட்டுக்கு வர ஒரு மணி நேரம் விடுங்கள். குளிர்ந்த போத்தலை உடனே திறந்தால் நம் காற்றின் ஈரம் முழுவதும் விதையின் மேல்தான் படியும்.