நடக்கும், நடக்கட்டும்

பித்தப்பைக் கல்லுக்காக என் நண்பனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். முந்தின நாள் மாலை நான் போவதற்குள் நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நாலு பேரும் சொன்னது ஒன்றுதான்: "ஒண்ணும் ஆகாது." ஒருத்தர் மட்டும் கூடுதலாக, தன் மச்சான் இதே ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாளே பைக் ஓட்டிய கதையையும் சொல்லியிருக்கிறார்.

"இவங்களுக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டான் அவன்.

நியாயமான கேள்வி. அன்று மத்தியானம்தான் அவன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தான். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகச் செய்ய முடியாமல் போனால் வயிற்றைத் திறந்து செய்ய நேரலாம் என்று அதில் ஒரு வரி. அதைப் படித்தவனிடம் ‘ஒண்ணும் ஆகாது’ என்றால், பயமாக இருக்கிறது என்று சொல்லக்கூட அவனுக்கு இடமில்லாமல் போகிறது.

எதுக்குப் பயம் என்று கேட்டேன். இரண்டு சொன்னான். நடுவில் மயக்கம் தெளிந்துவிட்டால்? வயிற்றைத் திறக்கிறார்கள் என்றால் ஏதோ தப்பாகிவிட்டது என்று அர்த்தமா? எனக்குத் தெரிந்ததை அளந்து விடலாம்தான். ஆனால் நான் டாக்டர் இல்லை. ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் இரண்டையும் எழுதி அவன் தலையணைக்கடியில் வைத்தேன். ராத்திரி ரவுண்ட்ஸில் அதைப் பார்த்தே கேட்டிருக்கிறான். ஆபரேஷன் முடியும்வரை இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாவற்றையும் பார்த்தபடி பக்கத்திலேயே இருப்பேன் என்றாராம் மயக்க மருந்து டாக்டர். பித்தப்பையைச் சுற்றி வீக்கமோ ஒட்டுதலோ இருந்து உள்ளே தெளிவாகத் தெரியாவிட்டால், பாதுகாப்புக்காகத்தான் திறப்போம் என்றாராம் சர்ஜன். பயம் போய்விட்டது என்று அவன் சொல்லவில்லை. தூக்கம் வருகிறது என்றான்.

வீட்டுக்கு வந்து அவனுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்ப உட்கார்ந்தேன். "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று அடித்துவிட்டு அழித்தேன். அது ஜோசியம். பள்ளிக்கூடத்தில் படித்த வியங்கோள் வினைமுற்று அப்போதுதான் கைகொடுத்தது. வாழ்த்தவும் வேண்டவும் தமிழ் தனியாக ஒரு வினையே வைத்திருக்கிறது. ‘நடக்கும்’ என்றால் நடப்பது எனக்கு முன்னமே தெரியும் என்றாகிறது. ‘நடக்கட்டும்’ என்றால் அது என் ஆசை, அவ்வளவுதான். கடைசியில் அனுப்பியது இது: "நல்லபடியா நடக்கட்டும்டா. காலையில ஆறரைக்கு வந்துடறேன். தியேட்டர் கதவு வரைக்கும் கூட வருவேன், அப்புறம் வெளியில தங்கச்சிகூட உட்கார்ந்திருப்பேன். பதில் போடாதே, தூங்கு." முதல் வரி வேண்டுதல். மற்றதெல்லாம் என் கையில் இருப்பவை.

காலையில் போனால், பெரியவர் ஒருவர் பிளாஸ்க்கோடு நிற்கிறார். "ஒரு வாய் காபி குடிச்சா ஒண்ணும் ஆகாது தம்பி." மறுபடி அதே வாக்கியம்! நர்ஸ் பார்த்துத் தடுத்துவிட்டார். மயக்கத்தில் இருப்பவருக்கு வயிற்றில் உள்ளது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. அதற்காகத்தான் வெறும் வயிறு. வெறும் தண்ணீரைப் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்புவரை விடுவார்கள். பால் கலந்த காபிக்கு, சாப்பாட்டைப் போலவே, ஆறு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அந்த ஒரு வாய்க்காக ஆபரேஷனையே தள்ளிப்போட நேர்ந்திருக்கும்.

சில வருஷம் முன்பு எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. அதில் தெரிந்துகொண்டதை மட்டும் அவனுக்குச் சொன்னேன். உள்ளே குளிரும், போர்வை கேள். உன் பெயர் என்ன, என்ன ஆபரேஷன் என்று ஆள் மாற்றி ஆள் கேட்பார்கள். இவர்களுக்கே தெரியாதா என்று பதறாதே. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல் அப்படி. மயக்கம் கொடுக்கும் முன் ஒரு தடவை, கத்தி வைக்கும் முன் ஒரு தடவை, தியேட்டரை விட்டு வெளியே கொண்டுவரும் முன் ஒரு தடவை பார்ப்பார்கள். "அப்போ நல்லா சத்தமா சொல்றேன்" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

கதவு மூடியது. ஒரு மணி நேர வேலை என்று சொல்லியிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனதும் அவன் மனைவிக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அந்த ஒரு மணி நேரம் ஆபரேஷனுக்கு மட்டும். அதற்கு முன்னால் மயக்கம் கொடுக்கும் நேரமும், பிறகு ரெக்கவரி அறையில் வைத்துப் பார்க்கும் நேரமும் தனி என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தவறு என்னுடையது. எழுந்து போய்க் கவுண்டரில் விசாரித்தேன். இன்னும் தியேட்டரில்தான் இருக்கிறார் என்றார்கள்.

வந்து சொன்னபோது அவருக்கு போன். ஊரிலிருந்து யாரோ. "ஒண்ணும் ஆகலையே?" என்ற குரல் எனக்கே கேட்டது.

"இன்னும் உள்ளதான் இருக்காங்க அத்தே. அண்ணன் கூட இருக்காரு. வெளிய வந்ததும் நானே சொல்றேன்" என்றார்.