பில் கையில் இருந்தால் மட்டும் போதாது

ஈரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடை, ஆகஸ்டில் 50,000 ரூபாய்க்குக் குழாய் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. 9,000 ரூபாய். விற்பனையில் வசூலித்த வரியிலிருந்து இந்த 9,000-ஐக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினால் போதும். ஆனால் 2022 ஜனவரியிலிருந்து ஒரு நிபந்தனை உண்டு. குழாய் விற்றவர் அந்த பில்லைத் தன் கணக்கில் ஏற்றி, அது கடைக்காரரின் GSTR-2B பட்டியலில் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அந்த மாதம் 9,000 ரூபாயைக் கைக்காசிலிருந்துதான் கட்ட வேண்டும்.

மாதாமாதம் தாக்கல் செய்பவர் விற்பனைக் கணக்கை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் தர வேண்டும். 14-ஆம் தேதி GSTR-2B தயாராகும். 20-ஆம் தேதிக்குள் வரி கட்டியாக வேண்டும். நடுவில் இருக்கும் அந்த ஆறு நாளில்தான் ஆடிட்டர் நம் பில்களையும் பட்டியலையும் ஒப்பிட முடியும். 19-ஆம் தேதி இரவு பில் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் எதை ஒப்பிடுவார்?

அதனால் சரக்கு இறங்கியதும் முதல் வேலையாக, பில்லில் நம் ஜி.எஸ்.டி. எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 15 இலக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் பில் நம் பட்டியலுக்கு வராது. அன்றைக்கே நான்கு ஓரமும் தெரியும்படி, ஒரு பில்லுக்கு ஒரு படம் எடுங்கள். பெட்ரோல் பங்க், கூரியர் ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சாவதால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். அவற்றைத் தள்ளிப்போடவே கூடாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், டாக்குமென்டாக அனுப்புங்கள். அதைவிட நல்லது, மாதத்துக்கு ஒரு கூகுள் டிரைவ் ஃபோல்டர். அதற்குள் விற்பனை, கொள்முதல், செலவு என்று மூன்று பிரிவு. விற்பனை பில்கள் 5-ஆம் தேதிக்குள்ளும் மற்றவை 10-ஆம் தேதிக்குள்ளும் போய்விட வேண்டும்.

14-ஆம் தேதி ஆடிட்டரிடம் இரண்டு பட்டியல் கேளுங்கள். ஒன்று, நம்மிடம் பில் இருந்தும் GSTR-2B-யில் வராதவை. குழாய் பில் இதில் இருந்தால் உடனே சப்ளையருக்குப் போன் போடுங்கள். அடுத்த மாதக் கணக்கில் அவர் ஏற்றிவிட்டால் 9,000 ரூபாய் அப்போது கிடைத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சப்ளையராக இருந்தால் இன்னும் தாமதமாகலாம், அதை முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. இன்னொன்று, GSTR-2B-யில் வந்தும் நம்மிடம் பில் இல்லாதவை. பட்டியலில் இருக்கிறதே என்று இவற்றைக் கழித்துக்கொள்ள முடியாது. பில்லும் கையில் வேண்டும். நாம் வாங்காத சரக்கு நம் பெயரில் ஏறியிருந்தாலும் இங்கேதான் தெரியவரும்.

விட்டுப்போனதைப் பிடிக்கவும் கெடு உண்டு. நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரைதான். ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அத்தோடு முடிந்தது. அதன்பின் சப்ளையர் திருத்தினாலும் பணம் திரும்பாது. ஆகவே செப்டம்பரிலேயே போன வருட பாக்கிப் பட்டியலை ஆடிட்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.