மீன்களைக் கொன்றது எது?

ஏரியில் மீன்கள் செத்து மிதப்பதற்குக் காரணம் சொல்லும் அறிவியல் பத்தி ஒன்று இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“வயலில் இட்ட உரத்திலுள்ள பாஸ்பேட் மழைநீரோடு ஏரிக்கு வருகிறது. அங்கே பாசி மளமளவென்று பெருகுகிறது. பாசி மடிந்து அழுகும்போது, பாக்டீரியாக்கள் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. இதுவே மீன்களைக் கொல்கிறது. இது விடியற்காலையில் உச்சத்தை எட்டுகிறது. இதை உடனே அகற்ற வேண்டும்.”

இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்த மூன்று ‘இது’க்களும் எதைச் சுட்டுகின்றன? பாஸ்பேட், பாசி, ஆக்சிஜன் எல்லாமே அஃறிணை. எதையும் ‘இது’ என்று சொல்லலாம். போதாததற்கு, முந்தைய வாக்கியம் சொன்ன நிகழ்ச்சி முழுவதையும்கூட ‘இது’ சுட்டும்.

விடியற்காலையில் உச்சத்தை எட்டுவது ஆக்சிஜன் என்று ஒருவர் படித்தால், உண்மையைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும்; இரவில் சுவாசிக்க மட்டுமே செய்யும். அதனால் விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மூன்றாவது ‘இது’ இன்னும் ஆபத்தானது. அகற்ற வேண்டியது பாசி என்று நினைத்து ஒருவர் பாசிக்கொல்லி மருந்தைத் தெளித்தால், பாசி முழுவதும் ஒரே நேரத்தில் மடிந்து அழுகும். ஆக்சிஜன் மேலும் வற்றி, மிச்சமிருந்த மீன்களும் சாகும்.

திருத்துவது எளிது. எழுதி முடித்தபின் ‘இது, அது, இவை, இதனால், இதன்’ ஆகியவற்றைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து “எது?” என்று கேட்டு, விடையை ஓரத்தில் எழுதுங்கள். அந்த விடையையே வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள்:

“இந்த ஆக்சிஜன் பற்றாக்குறையே மீன்களைக் கொல்கிறது. விடியற்காலையில் பற்றாக்குறை உச்சத்தை எட்டுகிறது. பாஸ்பேட் ஏரிக்கு வந்துசேர்வதைக் குறைக்க வேண்டும்.”

கடைசி வாக்கியத்தில் வினைச்சொல்லும் மாறியிருப்பதைக் கவனியுங்கள். ‘எதை அகற்றுவது?’ என்று கேட்டபோதுதான், ‘அகற்ற’ என்ற சொல்லே இங்கே பொருந்தவில்லை என்பது தெரிந்தது. நீரில் கரைந்துவிட்ட பாஸ்பேட்டை எளிதாக அகற்ற முடியாது; வரும் வழியில்தான் தடுக்க வேண்டும். ஓரத்தில் எழுத விடை கிடைக்காமல் பேனா தயங்கினால், எழுதியவருக்கே காரணம் தெளிவாகவில்லை என்று பொருள். மொழித் திருத்தத்தை நிறுத்திவிட்டு அறிவியலுக்குத் திரும்ப வேண்டிய இடம் அது.

சேர்க்கும் பெயரும் குறிப்பாக இருக்க வேண்டும். ‘இந்த நிகழ்வு’, ‘இந்த விஷயம்’ என்று எழுதினால் பழைய குழப்பம் அப்படியே இருக்கும். ‘மாற்றம்’ என்பதைவிடப் ‘பற்றாக்குறை’ மேல். எந்தத் திசையில் மாற்றம் என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

எல்லாச் சுட்டுப்பெயரையும் களைய வேண்டியதில்லை. “பாசி பகலில் ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அது சுவாசிக்க மட்டுமே செய்கிறது” என்ற இடத்தில், சுவாசிக்கக்கூடியது பாசி ஒன்றுதான். அங்கே ‘அது’ இருக்கட்டும்.